பிளேட் ஏறுவதற்கு முன்

கல்யாணப் பத்திரிகை அடிக்க இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. கடையில் அடுக்கி வைத்திருக்கும் மாதிரிகளைப் புரட்டிப் பார்த்து, பிடித்த ஒன்றைக் காட்டி, "இதுல முந்நூறு போடுங்க" என்று சொல்லி, மேட்டரை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நமக்குப் பழகிய வழி. அந்த அட்டையில் இருக்கும் பிள்ளையாரும் மயிலும் தங்கநிறக் கொடிகளும் சிவகாசியிலோ வடக்கே வேறு ஊரிலோ முன்பே ஆயிரக்கணக்கில் அச்சாகி, மேட்டருக்கான இடம் மட்டும் வெற்றாக விடப்பட்டு வந்தவை. உள்ளூர் அச்சகம் அந்த இடத்தில் நம் வீட்டு விவரங்களை ஏற்றித் தருகிறது. இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அட்டை கண் முன்னே இருக்கிறது, விலை தெரிகிறது, நூறு நூறாக வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, நமக்கென்றே புதிதாக ஒரு பத்திரிகையை வடிவமைத்து அடிப்பது. குலதெய்வக் கோயில் கோபுரத்தை முகப்பில் வரைந்து கேட்கிறார்கள். மணமக்களின் பெயரெழுத்துகளைப் பின்னி ஒரு முத்திரை செய்யச் சொல்கிறார்கள். அளவு, மடிப்பு, கவர் எல்லாமே நம் விருப்பம். ஆனால் நாம் பணம் கட்டும்போது அந்தப் பத்திரிகை உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு சொல்லாகவும் திரையில் ஒரு படமாகவும் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் இந்த மாதிரி ஆர்டருக்கு அச்சகங்கள் எழுதித் தரும் சீட்டில் நான்கு விவரங்கள் தவறாமல் இருக்கும். எந்தப் பேப்பர், புரூஃபை யார் எப்படிச் சம்மதிப்பது, குறைந்தது எத்தனை அடிக்க வேண்டும், எத்தனை தடவை திருத்தலாம். பலர் இதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பத்திரிகை வந்தபின் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

நான்கும் தனித்தனி நிபந்தனைகள் போலத் தெரிந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஆப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலுமினியத் தகடு உண்டு. அச்சகத்தில் அதைப் பிளேட் என்பார்கள். வழக்கமான மல்டிகலர் வேலைக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட். கணினியில் இருக்கும்வரை உங்கள் பத்திரிகை வெறும் கோப்பு. ஓர் எழுத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். பிளேட்டாக மாறி மெஷினில் ஏறிவிட்டால் அதே எழுத்துக்குப் புதுப் பிளேட்டும் புதுப் பேப்பரும் மறுபடி மெஷின் நேரமும் வேண்டும். சீட்டில் உள்ள நான்கு விவரங்களும் அந்த ஒரு கணத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதலில் பேப்பர். '300 ஜி.எஸ்.எம். போர்டு' என்று சீட்டில் இருந்தால், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள அந்தத் தாளின் எடை 300 கிராம் என்று பொருள். அது எடையைத்தான் சொல்கிறது, கனத்தைச் சொல்லவில்லை. வழவழப்பான ஆர்ட் போர்டும் சொரசொரப்பான டெக்ஸ்சர் போர்டும் ஒரே 300 ஆக இருந்தாலும் விரலுக்கு வேறு வேறாகத் தெரியும். பூச்சும் அழுத்தமும் உள்ள ஆர்ட் போர்டு மெல்லியதாக இருக்கும், பூச்சில்லாதது உப்பலாக இருக்கும். ஆகவே எண் மட்டும் போதாது. பேப்பரின் பெயரையும் எழுதச் சொல்லி, அந்தத் தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டிச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். 'இம்போர்ட்டட் பேப்பர்' என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். 'அல்லது அதற்கு இணையான பேப்பர்' என்று ஒரு வரி இருந்தால், மாற்றுவதற்கு முன் நம்மைக் கேட்க வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். கடையில் ஒரு தாளின் இருப்பு தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கிற காரியம்; கேட்காமல் மாற்றுவதுதான் தவறு.

எந்தப் பேப்பர் என்பதை அழகு மட்டும் வைத்து முடிவு செய்தால் பிறகு வருந்த நேரும். நம் பத்திரிகைக்கு வேறெங்கும் இல்லாத ஒரு தேவை உண்டு: நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். பூச்சில்லாத போர்டு மஞ்சள் குழைசலை உடனே உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் லேமினேஷன் செய்த அட்டையில் அது ஒட்டாமல் வழுக்கி, காய்ந்தபின் பொடியாக உதிர்ந்து பக்கத்து அட்டையில் படிகிறது. கவரிலும் இதே கதைதான். மின்னும் மெட்டாலிக் கவரின் மேல் ஜெல் பேனாவால் பெயர் எழுதினால் மை சட்டென்று காயாது. எழுதுகிற கையே அழித்துவிடும். மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மூலையில் மஞ்சள் வைத்து, நடுவில் பேனாவால் ஒரு பெயர் எழுதிப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பேப்பரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மெட்டாலிக் பேப்பர் பற்றி இன்னொன்று. அதன் அடிநிறம் வெள்ளை இல்லை, முத்து மினுக்கு. அச்சு மை அந்த மினுக்கின் மேல் மெல்லிய படலமாகத்தான் உட்கார்கிறது. கொடி, கோலம் போன்ற வரைவுகள் அதில் மிக அழகாக வரும். மணமக்களின் புகைப்படம் போட்டால் முகம் மங்கி இருண்டு போகும். புகைப்படம் வேண்டுமானால் வெள்ளை ஆர்ட் போர்டுதான். அடர்நிறம் அச்சடித்த அட்டையை மடிக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கனமான போர்டை அப்படியே மடித்தால் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிப்பதற்கு முன் அந்த இடத்தில் கிரீசிங் கோடு அழுத்த வேண்டும், தாளின் நார் ஓடும் திசையிலேயே மடிப்பும் விழ வேண்டும். மாதிரியை மடித்துக் காட்டச் சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும்.

தபாலில் அனுப்புகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். விரித்தால் 8 அங்குலத்துக்கு 12 அங்குலம், மடித்தால் 8-க்கு 6 வரும் அட்டையை எடுத்துக்கொள்வோம். 300 ஜி.எஸ்.எம். போர்டில் அது மட்டுமே ஏறக்குறைய 19 கிராம். சாதாரணத் தபால் கட்டணம் 20 கிராமுக்கு 20 கிராம் படியேறுவது. 120 ஜி.எஸ்.எம். கவர் பத்துக் கிராமுக்கு மேல் சேர்க்கும்போது அடுத்த படிக்குப் போய்விடுகிறது. கையில் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு வைக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது குறைந்தபட்ச எண்ணிக்கை. "எங்க வீட்டுக்கு இருநூறு போதும், ஏன் ஐந்நூறு அடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்காதவர் இல்லை. அச்சகம் வேண்டுமென்றே தலையில் கட்டுகிறது என்ற எண்ணமும் உண்டு. காரணம் வேறு. மேலே சொன்ன அட்டை 18-க்கு 25 அங்குல ஷீட்டில் நான்கு அடங்கும். 500 பத்திரிகைக்கு 125 ஷீட், 100 பத்திரிகைக்கு 25 ஷீட். ஆனால் மெஷினில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்து, மை அளவு நிலைப்பதற்குள் சில பத்து ஷீட்டுகள் வீணாகியே தீரும். 25 நல்ல ஷீட்டுக்காக அதைவிட அதிகமான ஷீட்டைக் குப்பையில் போட வேண்டிவரும். வடிவமைப்புக் கூலி, பிளேட், தங்க ஃபாயில் பதிக்கும் உலோக அச்சு, ஓரத்தை வளைவாக வெட்டும் டை ஆகியவற்றின் செலவும் 100-க்கும் 1,000-க்கும் ஒன்றேதான்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இவை கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைகள். அச்சகத்துக்கு அச்சகம் மாறும். தொடக்கச் செலவு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் என்றும், அதற்கு மேல் ஒரு பத்திரிகைக்குப் பேப்பர், மை, மடிப்பு, கவர் சேர்த்து 14 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 100 அடித்தால் ஒன்று 74 ரூபாய். 500 அடித்தால் 26 ரூபாய். 1,000 அடித்தால் 20 ரூபாய். 100-லிருந்து 500 போகும்போது விழும் விலை, 500-லிருந்து 1,000 போகும்போது விழுவதில்லை. 300, 500 என்று அச்சகங்கள் எல்லை வைப்பது இந்த இறக்கம் தட்டையாகிற இடத்தைப் பார்த்துத்தான். உண்மையாகவே 50 அல்லது 100 மட்டும் வேண்டுமென்றால் டிஜிட்டல் அச்சு இருக்கிறது. அதற்குப் பிளேட்டே கிடையாது. பேப்பர் வகைகளில் சில அந்த மெஷினில் ஓடாது, விலையும் எண்ணிக்கை கூடினால் பெரிதாகக் குறையாது. ஆனால் சிறு எண்ணிக்கைக்கு அதுவே நேர்மையான வழி.

ஆப்செட்டிலேயே குறைந்த எண்ணிக்கையைச் சமாளிக்க நம் வழக்கத்துக்குள்ளேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் தனித்தனிப் பத்திரிகை அடிக்கிறார்கள். அழைப்பவர் பெயரும், மணமக்கள் பெயரில் எது முதலில் வருகிறது என்பதும், பின்பக்கத்தில் உறவுகளின் வரிசையும் வீட்டுக்கு வீடு மாறும். மதுரையில் மாப்பிள்ளை வீட்டுக்கு 400, திருநெல்வேலியில் பெண் வீட்டுக்கு 300 தேவை என்று கொள்வோம். அச்சகத்தின் எல்லை ஒரு டிசைனுக்கு 500. இரு வீடும் தனித்தனியே போனால் ஆளுக்கு 500 அடித்து, மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 13,000 ரூபாய், மொத்தம் 26,000. இரண்டு வீட்டிலுமாக 300 பத்திரிகை மிஞ்சி அலமாரியில் கிடக்கும்.

இரு வீடும் ஒரே டிசைன், ஒரே பேப்பர் என்று ஒத்துக்கொண்டால் கதை மாறுகிறது. படமும் கொடியும் கோபுரமும் அச்சாகும் பிளேட்டுகள் இரு வீட்டுக்கும் பொது. எழுத்து மட்டும் ஒரு தனிப் பிளேட்டில் இருக்கும்படி அமைத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு 400 ஓடியதும் மெஷினை நிறுத்தி, எழுத்துப் பிளேட்டை மட்டும் கழற்றிப் பெண் வீட்டுப் பிளேட்டை மாட்டி 300 ஓட்டலாம். அந்தக் கூடுதல் பிளேட்டுக்கும் நிறுத்தி ஓட்டும் கூலிக்கும் 800 ரூபாய் என்றால், தொடக்கச் செலவு 6,800, அச்சு 9,800, மொத்தம் 16,600. மிச்சம் 9,400 ரூபாய், வீணாகிற அட்டையும் இல்லை. சம்பந்தி வீட்டாரிடம் பத்திரிகைப் பேச்சை நிச்சயதார்த்தத்தன்றே எடுத்தால் இது நடக்கும். இரு வீட்டாரும் ஆளுக்கொரு டிசைன் பிடித்தபின் எடுத்தால் நடக்காது.

இங்கே ஒரு நுட்பம் குறுக்கே வருகிறது. எழுத்துக்குத் தனிப் பிளேட் என்றால் அச்சகத்தாருக்கு முதலில் தோன்றுவது கறுப்பு. நம் வீடுகளிலோ சுபகாரியப் பத்திரிகையில் கறுப்பு மை கூடாது என்பார்கள். மெரூன், கரும்பச்சை, கருநீலம் ஏதாவது ஒன்று வேண்டும். டிசைனர் திரையில் மெரூனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த நிறம் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று பிளேட்டில் பிரிந்துபோகிறது. மூன்றும் மயிரிழை விலகினாலும் தமிழின் மெல்லிய சுழிகளின் ஓரத்தில் சிவப்பு நிழல் விழுந்து எழுத்து கலங்கித் தெரியும். ஒரு பெயரைத் திருத்த வேண்டியிருந்தாலும் மூன்று பிளேட் மாற்ற வேண்டும். மெரூன் மையை முன்கூட்டியே கலந்து, எழுத்தை அந்த ஒரே தனிநிறத்தில் ஐந்தாவதாக அடிக்கச் சொல்வதே சரி. கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் எழுத்து கூர்மையாக விழும், திருத்தத்துக்கு ஒரு பிளேட் போதும், இரு வீட்டுக்கும் மாற்றி ஓட்டவும் வழி கிடைக்கும். ஆர்டர் கொடுக்கும்போது, "எழுத்து எத்தனை பிளேட்ல வருது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிற அச்சகத்தை நம்பலாம்.

இனி புரூஃப். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முறையான அச்சகத்தில் மூன்று படிகள் இருக்கும். முதலில் டிசைன் இல்லாமல் மேட்டர் மட்டும் தட்டச்சாகி வரும். அது சரியானபின் டிசைனில் பொருத்தி ஜே.பி.ஜி. படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வாட்ஸ்அப்பில் வரும். கடைசியாக உண்மையான அளவில் தாளில் அடித்த ஒரு புரூஃப். அவசரத்தில் முதலும் கடைசியும் விடுபட்டு நடுவில் உள்ள படம் மட்டும் மிஞ்சுகிறது. கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஓகே சொல்கிறோம். பெரிதாக்கிப் பார்ப்பதால் எழுத்தின் உண்மையான அளவு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உறவினர் பட்டியலை நெருக்கி அடைத்த பக்கத்தில் எழுத்து எட்டுப் பாயிண்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், தன் பெயரையே தேடிப் படிக்க முடியாமல் பெரியப்பா கண்ணாடியைத் துடைக்க நேரும். தாளில் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

திரை இன்னும் இரண்டை மறைக்கிறது. ஒன்று நிறம். திரை ஒளியால் நிறத்தைக் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரையில் தகதகக்கும் குங்குமச் சிவப்பு, பூச்சில்லாத தாளில் ஒரு படி அடங்கித்தான் விழும். மற்றொன்று ஃபாயில். தங்க ஃபாயில் மை அல்ல, சூடான உலோக அச்சால் அழுத்திப் பதிக்கும் மெல்லிய தகடு. புரூஃப் படத்தில் அது பழுப்பு கலந்த மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதையே நம்பவும் வேண்டாம். அச்சகம் முன்பு செய்த வேலையில் ஃபாயில் மாதிரியைக் காட்டச் சொல்லி, தங்கத்தில் எந்தத் தங்கம் என்று தேர்ந்தெடுங்கள். மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் குறியீடு போடுகிறவர்கள் அதையும் தாளில் அடித்த புரூஃபில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அதை ஃபாயிலில் பதிக்கச் சொல்லாதீர்கள். பளபளப்பில் கேமரா தடுமாறும்.

எழுத்துப்பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்றும் தெரியும். முதல் வாசல் எழுத்துரு. நாம் கைப்பேசியில் தட்டச்சு செய்வது யூனிகோடு தமிழ். பல டி.டி.பி. நிலையங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அழகழகான தலைப்பு எழுத்துகள் அவற்றில்தான் அதிகம். நாம் அனுப்பும் மேட்டரை அந்த முறைக்கு மாற்றியோ மறுபடி தட்டியோதான் சேர்க்கிறார்கள். மாற்றும்போது கொ, கோ, கௌ வரிசையின் கொம்பும் காலும் இடம் மாறும். ஸ்ரீ, ஷ, ஜ போன்றவை கட்டமாகவோ வேறெழுத்தாகவோ நிற்கும். ஆங்கிலத்தில் எழுதிய பட்டப்படிப்பும் மின்னஞ்சலும் அதே எழுத்துருவில் சிக்கினால் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். சரியாக எழுதித்தானே அனுப்பினோம் என்று அசட்டையாக இருக்கக்கூடாது.

இரண்டாவது வாசல், பழைய கோப்பு. அச்சகத்தில் யாரும் வெற்றுத் திரையில் தொடங்குவதில்லை. போன முகூர்த்தத்துக்குச் செய்த ஒரு பத்திரிகையைத் திறந்து அதன்மேல் புது விவரங்களைத் தட்டுகிறார்கள். அதனால் நாம் எழுதிக் கொடுத்ததைவிட, எழுதிக் கொடுக்காத சொற்களில்தான் ஆபத்து அதிகம். 2026 ஏப்ரல் 14-க்குப் பிந்திய கல்யாணத்துக்குத் தமிழ் ஆண்டு பராபவ என்று வர வேண்டும். பழைய கோப்பில் இருந்த விசுவாவசு அப்படியே நிற்கும். கடைசிப் பிள்ளையின் கல்யாணத்தில் திருநிறைச்செல்வன் என்று போடும் வழக்கமுள்ள வீட்டுக்குத் திருவளர்செல்வன் என்று வந்திருக்கும். எல்லாவற்றிலும் கொடியது, முந்திய வீட்டில் மறைந்த தாத்தாவுக்குப் போட்ட 'தெய்வத்திரு' என்ற சொல், நம் வீட்டில் உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருவது. புரூஃப் கையில் வந்ததும் பெயர்களைத் தேடிப் போகாதீர்கள். அடைமொழி, ஆண்டு, கிழமை, 'மகன்', 'பேரன்', 'பேத்தி' என்று எல்லாப் பத்திரிகைக்கும் பொதுவான சொற்களை முதலில் பாருங்கள்.

நாளும் நேரமும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், நினைவை நம்ப வேண்டாம். முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் இரண்டு தேதி, இரண்டு கிழமை. ஒன்றைத் திருத்தும்போது மற்றதைத் திருத்த மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கைப்பேசி எண்களை வாசித்துச் சரிபார்ப்பதைவிட, புரூஃபைப் பார்த்து அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துவிடுவது மேல்.

வாசிக்கும் முறையும் உண்டு. அந்தக் காலத்து அச்சாபீஸ்களில் ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் புரூஃபில் விரல் வைத்துத் தொடர்வார். வீட்டிலும் அதைச் செய்யலாம். மேட்டரை எழுதியவர் புரூஃபை வைத்துக்கொள்ளக் கூடாது; எழுதியவர் கண் தாளில் இருப்பதைப் பார்க்காது, மனத்தில் இருப்பதைப் பார்க்கும். அவர் மூலத்தை வாசிக்கட்டும். இதுவரை மேட்டரைப் பார்க்காத ஒருவர், சித்தியோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ, புரூஃபைப் பிடிக்கட்டும். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும்: மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா, சின்ன ரவா, பெரிய றவா. இனிஷியலில் புள்ளி இருக்கிறதா என்பதுவரை.

பிறகு கையெழுத்து. புரூஃபில் 'அச்சிடலாம்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டால், அதிலிருந்து பொறுப்பு கை மாறுகிறது. சம்மதித்த புரூஃபில் இருந்த பிழை அட்டையில் வந்தால் அது நம்முடையது. புரூஃபில் சரியாக இருந்து அட்டையில் மாறியிருந்தால் அது அச்சகத்துடையது, அவர்கள் செலவில் மறுபடி அடித்துத் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'ஓகே'யையும் அச்சகங்கள் கையெழுத்தாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே வீட்டில் ஒருவர் மட்டுமே ஓகே சொல்லலாம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே அச்சகத்திடம் சொல்லி, அவர் பெயரைச் சீட்டில் எழுதிவிடுங்கள். குடும்பக் குழுவில் மூன்றாவது புரூஃப் வந்தபின் மாமா முதல் புரூஃபைப் பார்த்து 'சூப்பர், போட்டுடுங்க' என்று அச்சகத்துக்கு அனுப்பிய கதைகள் உண்டு. ஒவ்வொரு புரூஃபின் ஓரத்திலும் அது எத்தனையாவது என்ற எண்ணைப் போடச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. சம்மதித்த புரூஃபின் ஒரு பிரதி நம் கையிலும் இருக்க வேண்டும். பத்திரிகைக் கட்டு வந்தபின் ஒப்பிட அதுதான் சாட்சி.

சம்மதம் சொன்னதும் அச்சகம் செய்யும் முதல் வேலை, எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றுவது. வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறிவிடக் கூடாது என்பதற்காக இதைச் செய்கிறார்கள். அதன்பின் அந்தக் கோப்பில் இருப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம்; ஒரு சொல்லைத் தட்டித் திருத்த முடியாது. பழைய கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி மாற்ற வேண்டும். அந்தப் பழைய கோப்பு கடைசித் திருத்தத்துக்கு முந்தியதாக இருந்துவிட்டால், ஏற்கெனவே சரிசெய்த பிழைகள் திரும்பி வரும். சம்மதித்தபின் ஓர் எழுத்தை மாற்றினாலும் முழுப் புரூஃபையும் மறுபடி படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எத்தனை திருத்தம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 'இரண்டு கரெக்ஷன் இலவசம்' என்று சீட்டில் இருந்தால் அது இரண்டு சொல்லா, இரண்டு தடவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் தடவையைத்தான் குறிக்கும். ஒரு தடவையில் இருபது பிழையைத் திருத்தினாலும் ஒன்றுதான். ஒவ்வொரு பெயராக ஐந்து செய்தி அனுப்பினால் ஐந்து என்று எண்ணலாம். அச்சகம் தட்டச்சில் செய்த பிழை இந்தக் கணக்கில் சேரக்கூடாது, நாம் புதிதாகச் சேர்ப்பதும் மாற்றுவதும் சேரும். டிசைனையே மாற்றச் சொல்வது திருத்தமே அல்ல, புது வேலை. கோபுரத்தை எடுத்துவிட்டு மயில் போடச் சொன்னால் அதற்குத் தனிக்கூலி கேட்பது நியாயம். இந்த வேறுபாட்டைச் சீட்டில் ஒரு வரியாக எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

திருத்தங்கள் பெருகுவதற்கு அச்சகம் காரணமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தாய்மாமன் பெயர் முதலிலா அத்தை வீட்டுக்காரர் பெயர் முதலிலா, பேசிக்கொள்ளாமல் இருக்கும் சித்தப்பா பெயரைப் போடுவதா வேண்டாமா, எந்த வீட்டு மருமகனை எங்கே வைப்பது என்பதெல்லாம் புரூஃபைப் பார்த்தபின்தான் வீட்டில் பேச்சாகிறது. பெயர்ப் பட்டியலை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கேட்க வேண்டிய பெரியவர்கள் எல்லோரிடமும் காட்டி, அவர்கள் வாயால் சரி என்று சொன்னபின் அச்சகத்துக்குப் போனால் இலவசத் திருத்தம் இரண்டும் மிஞ்சியிருக்கும். முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்பு பத்திரிகை வைக்கத் தொடங்க வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மெட்டாலிக் பேப்பரில் மை காய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும், காய்வதற்குள் அடுக்கினால் ஓர் அட்டையின் மை அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டும். அந்த நாளை அச்சகத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கையை முடிவு செய்யும்போது ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள், அதோடு நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஐம்பது மட்டும் மறுபடி அடிக்க வேண்டுமென்றால் தொடக்கச் செலவில் பெரும்பகுதி திரும்ப வரும். கட்டு வந்ததும் ஒரு கட்டைப் பிரித்து எண்ணி, முதல், நடு, கடைசி அட்டைகளைச் சம்மதித்த புரூஃபோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அப்போதும் பிழை கண்ணில் பட்டால், அல்லது அச்சானபின் மண்டபமே மாறிவிட்டால், அட்டையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சுபகாரியப் பத்திரிகையில் ஒட்டுப் போட்டதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. ஒட்டியது உரிந்து பழைய மண்டபத்துக்கு யாராவது போய் நிற்கவும் நேரலாம். அதே பேப்பரில், அதே மெரூன் மையில், புது மண்டபத்தின் பெயரும் வழியும் மட்டும் இருக்கும் ஒரு சிறு அட்டையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்து உள்ளே வைத்துவிடலாம். அதற்குப் பெரிய மெஷினும் வேண்டாம், ஐந்நூறு என்ற எல்லையும் இல்லை. முதல் ஆர்டரில் மிஞ்சிய போர்டைக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தால் பேப்பரும் கையிலேயே இருக்கும்.